அனுப்பிடட்டுமாடி?

என் கைபேசியில் ‘ரயில் முறுக்கு அக்கா’ என்று ஓர் எண் இருக்கிறது. ‘கல்யாணம் பச்சைப்பட்டு’ என்று இன்னொன்று. ‘நூலகம் சிரிச்ச முகம்’ என்று மற்றொன்று. எல்லாமே ஏதோ ஒரு விசேஷத்திலோ பயணத்திலோ பேச்சு சுவாரஸ்யமாகப் போய், கிளம்பும் நேரத்தில் “கண்டிப்பா பேசுவோம்” என்று சொல்லி வாங்கிய எண்கள். வாங்கியதோடு சரி. வீட்டுக்கு வந்ததும், ‘அவங்க சும்மா மரியாதைக்குப் பேசியிருப்பாங்க’ என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு படுத்துவிடுவேன்.

ஒரே ஒரு தடவை துணிந்து, ‘சிரிச்ச முக’த்துக்கு “ஹாய்” என்று அனுப்பினேன். முன்னும் இல்லை, பின்னும் இல்லை, வெறும் ஹாய். “யாரு?” என்று பதில் வந்தது. நியாயமான கேள்வி. என் பெயரைச் சொல்லி, எங்கே பார்த்தோம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் ‘என்னை மறந்தே போயிட்டாங்களே’ என்று எனக்குள் ஏதோ சுருண்டுகொண்டது. அந்த ‘யாரு?’வுக்கு இன்றுவரை பதில் போகவில்லை. அவர் அதன்பின் நூலகத்தில் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். ஹாய் சொன்ன மர்ம ஆசாமி நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

இத்தனைக்கும் இதில் காதல் கீதல் ஒன்றும் கிடையாது. நாற்பதைத் தாண்டிய ஒருத்திக்கு இன்னொரு பெண்ணோடு சிநேகிதமாக ஆசை, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் என்றால் பக்கத்து பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள், தினமும் பார்த்துப் பார்த்தே பழகிவிடும். இந்த வயதில் அப்படி யாரும் உட்கார வைப்பதில்லை. யாராவது ஒருத்தர் முதல் செய்தியை அனுப்பினால்தான் உண்டு.

இந்த நவராத்திரியில் மேற்கு மாம்பலத்தில் ஒரு கொலுவுக்குப் போயிருந்தேன். அலுவலகத் தோழியின் மாமியார் வீடு. ஒன்பது படி, விளாச்சேரி பொம்மைகள், கீழே தரையில் ஒரு பார்க். அந்தப் பார்க்கில்தான் சிக்கினேன். தட்டையான தட்டுகளில் மண் பரப்பி வெந்தயம் முளைக்க வைத்து, நிஜ வயல் மாதிரியே வரப்பெல்லாம் கட்டியிருந்தது. யார் செய்தது என்று கேட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, தான்தான் என்று கையைத் தூக்கினார். இரவே ஊறவைத்து, மறுநாள் நெருக்கமாகத் தூவி, தண்ணீரைத் தெளிக்க மட்டும் வேண்டும், ஊற்றக்கூடாது என்று ஆரம்பித்த பேச்சு, மரப்பாச்சிக்குப் புடவை கட்டுவது, மாமியார்கள், பேருந்தில் ஜன்னல் சீட்டு என்று எங்கெங்கோ போய், காராமணி சுண்டல் ஆறிப்போகும்வரை நீண்டது. தாம்பூலம் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது எண் கேட்க வாய் வரவில்லை. ஆனால் அழைப்புக்காக வீட்டுக்காரம்மா தொடங்கியிருந்த வாட்ஸ்அப் குழுவில் அவர் எண் இருந்தது. அன்றிரவே எடுத்துப் பதிந்தேன். பெயர்: ‘வெந்தய வயல்’.

விஷயத்தை என் சிநேகிதியிடம் கொண்டுபோனேன். கல்லூரி நாளிலிருந்தே அவளை ஜட்ஜம்மா என்றுதான் கூப்பிடுவோம். பஞ்சாயத்து எதுவானாலும் இரண்டு பக்கமும் கேட்பாள், ஆனால் பொறுமையாகக் கேட்க மாட்டாள். நான் போன் செய்தபோது அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் நார் உரிக்கிற சத்தம்.

“அனுப்பிடட்டுமாடி?”

“எது?”

சொன்னேன். கொலு, வயல், ஜன்னல், சுண்டல்.

“எப்ப நடந்தது இது?”

“போன வாரம்.”

நார் உரிக்கிற சத்தம் நின்றது. “போன வாரமா! இன்னும் அனுப்பலையா?”

“தீபாவளிக்கு எல்லாருக்கும் வாழ்த்து அனுப்புவோம்ல? அப்ப அப்படியே இவங்களுக்கும் ஒண்ணு தட்டிவிட்டா இயல்பா இருக்கும்னு பார்த்தேன்.”

இது என் நீண்டநாள் உத்தி. பண்டிகை வாழ்த்துக்குள் ஒளிந்துகொண்டு போனால், பதில் வராவிட்டாலும் அவமானம் இல்லை. ஜட்ஜம்மா இந்த உத்தியை நின்ற இடத்திலேயே தள்ளுபடி செய்தாள்.

“தீபாவளியன்னைக்கு அவங்க போன்ல நூறு விளக்குப் படம் வந்து கிடக்கும். உன்னோடது நூத்தி ஒண்ணு. அவங்களும் மரியாதையா ஒரு கும்பிடு பொம்மை போடுவாங்க. அதோட முடிஞ்சது. நீ அனுப்பினதா நீ நினைச்சுப்ப, ஆனா நீ யாருன்னே அவங்களுக்குத் தெரியாது. உன்கிட்ட வர்ற வாழ்த்தையெல்லாம் நீ யார் அனுப்பினதுன்னு பார்க்கறியா?”

பார்ப்பதில்லை. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிப்பதுதான் வழக்கம்.

“இன்னொண்ணு சொல்றேன் கேளு. மறுநாளே அனுப்பியிருந்தா ‘நேத்து பேசினது நல்லா இருந்தது’ன்னு ஒரு வரி போதும். ஒரு வாரம் கழிச்சுன்னா ‘சாரி, வேலை’ன்னு ஒரு வரி கூடும். மாசம் கழிச்சுன்னா, ஏன் இப்ப திடீர்னுன்னு அவங்க யோசிப்பாங்க. இன்சூரன்ஸ் விக்கிறியா, கடன் கேக்கறியான்னு தோணும். நாள் ஆக ஆக எழுத வேண்டியது நீளும். நீள நீள நீ எழுதவே மாட்ட.”

தள்ளிப்போட்ட எந்த நாளிலும் இந்த வளர்ச்சி எனக்கு உறைத்ததில்லை. ‘இன்னும் கொஞ்சம் யோசித்து, நல்லதாக எழுதலாம்’ என்றுதான் தோன்றும். அதற்குள் நல்லதாக எழுத வேண்டிய அவசியமே இரட்டிப்பாகிவிடும்.

“அவங்களுக்கு என்னைப் பிடிச்சிருந்ததான்னு தெரியலையேடி. நான்தான் அதிகமா பேசினேன். மாமியார் விஷயமெல்லாம் கொட்டிட்டேன்.”

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எதையும் செய்வதற்குப் பதிலாக அதைப் பற்றிப் படிப்பது என் நோய். அந்த ஒரு வாரமும் நான் சும்மா இருக்கவில்லை, ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். படித்ததை ஜட்ஜம்மாவிடம் ஒப்பித்தேன்.

2018-இல் எரிகா பூத்பி, கஸ் கூனி, கில்லியன் சாண்ட்ஸ்ட்ரம், மார்கரெட் கிளார்க் என்ற நான்கு உளவியலாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத இருவரைப் பேசவிட்டு, பிறகு தனித்தனியாக இரண்டு கேள்வி: அவரை உனக்கு எவ்வளவு பிடித்தது? உன்னை அவருக்கு எவ்வளவு பிடித்திருக்கும் என்று நினைக்கிறாய்? இரண்டாவது கேள்விக்கு மனிதர்கள் தொடர்ந்து குறைத்தே மதிப்பெண் போடுகிறார்கள். தனக்கு எதிராளியைப் பிடித்ததைச் சரியாகச் சொல்கிறவர், எதிராளிக்குத் தன்னைப் பிடித்ததை மட்டும் கணக்கில் தவறவிடுகிறார். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் அதிகம். கல்லூரி விடுதியில் சேர்ந்து தங்கியவர்களிடம் இது மாதக்கணக்கில் நீடித்ததாம். காரணமும் சொல்கிறார்கள். பேசி முடித்ததும் நம் மனம் நாம் உளறியதை மட்டும் ஓட்டிப் பார்க்கிறது. எதிராளியின் மனம் அதை ஓட்டவே இல்லை. அது தன்னுடைய உளறலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

“அதாவது அந்தம்மா இப்ப, ‘வெந்தயத்தைப் பத்தி ரொம்ப அறுத்துட்டோமோ’ன்னு உக்காந்திருக்கும்” என்றாள் ஜட்ஜம்மா.

“இருக்கலாம். ஆனா இது சராசரிக் கணக்குடி. அவங்களுக்கு என்னைப் பிடிச்சதுன்னு இது சொல்லலை. நான் நினைக்கறதைவிடக் கொஞ்சம் அதிகமா பிடிச்சிருக்கும்னுதான் சொல்லுது. நான் நினைக்கறது பூஜ்யம்னா, கொஞ்சம் அதிகம்னா எவ்வளவு?”

மறுமுனையில் பெருமூச்சு. “பரீட்சைக்கு விடிய விடிய படிச்சிட்டு ஹாலுக்குப் போகாம வீட்டுக்குத் திரும்பறவ நீதான். வேற என்ன படிச்ச?”

லாரா அக்னினும் மேற்படி சாண்ட்ஸ்ட்ரமும் 2024-இல் வெளியிட்டதையும் சொன்னேன். அது பழைய நண்பர்களைப் பற்றியது, என் விஷயத்துக்கு நேராகப் பொருந்தாது. தொடர்பு விட்டுப்போன நண்பருக்கு ஒரு செய்தி எழுதச் சொல்கிறார்கள். எழுதுகிறவருக்கு விருப்பம் இருக்கிறது, நண்பர் மகிழ்வார் என்ற நம்பிக்கை இருக்கிறது, எண் இருக்கிறது, அனுப்ப நேரமும் அங்கேயே தருகிறார்கள். அப்படியும் அனுப்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எனக்கு இதைப் படித்தபோது வந்த ஆறுதலைச் சொல்லி மாளாது. உலகமே என் கட்சி!

“சரி, அவங்களை எப்படித்தான் அனுப்ப வெச்சாங்க?”

“சும்மா உபதேசம் பண்ணினதுல பலன் இல்லை. அனுப்பறதுக்கு முன்னாடி, இப்ப பழக்கத்துல இருக்கிற சிநேகிதங்களுக்கு மூணு நிமிஷம் செய்தி அனுப்பச் சொன்னாங்க. கை பழகற மாதிரி. அதுக்கப்புறம் பாதிக்கு மேல அனுப்பிட்டாங்க.”

“அப்ப பண்ணு. இப்பவே. நான் லைன்ல இருக்கேன்.”

பண்ணினேன். பெரியம்மா மகளுக்கு “சாப்பிட்டியா?” என்று கேட்டேன். உடனே “யாருக்கு என்ன ஆச்சு?” என்று பதற்றமாகப் பதில் வந்தது. காரணமில்லாமல் நான் கடைசியாக எப்போது செய்தி அனுப்பினேன் என்பது அதிலிருந்தே விளங்கும்.

அடுத்து நடந்ததுதான் வழக்கின் திருப்பம். நான் பேச்சுவாக்கில், “அவங்க கொலுவை எடுத்து வெச்சுட்டாங்க போல. விஜயதசமியன்னைக்கு பொம்மையைப் படுக்க வெச்ச படம் ஸ்டேட்டஸ்ல போட்டிருந்தாங்க” என்றேன்.

“யாரு ஸ்டேட்டஸ்ல?”

“வெந்தய வயல்.”

“உனக்கு அவங்க ஸ்டேட்டஸ் தெரியுதா?”

“தெரியுதே. தினமும் பார்க்கறேன்.”

“அடி மக்கு! நீ அவங்க நம்பரை சேவ் பண்ணினா மட்டும் ஸ்டேட்டஸ் தெரியாதுடி. அவங்களும் உன் நம்பரை சேவ் பண்ணியிருந்தாத்தான் உனக்குத் தெரியும். ரெண்டு பக்கமும் இருக்கணும்.”

எனக்குச் சற்று நேரம் ஒன்றும் ஓடவில்லை. உண்மைதான். வாட்ஸ்அப்பின் வழக்கமான ஏற்பாடு அதுதான். அந்தக் குழுவில் இருந்த அத்தனை பேரில் யாரும் யார் எண்ணையும் வேலை மெனக்கெட்டுப் பதிந்திருக்கப் போவதில்லை. அவர் என் எண்ணைத் தேடி எடுத்திருக்கிறார். ஒரு வாரமாக என் கண்முன்னே தினமும் ஒரு சாட்சி வந்து நின்றிருக்கிறது. நான் அதில் பொம்மைகளை மட்டும் ரசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“நீ பார்த்தது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, பார்த்தவங்க பட்டியல்ல உன் பேர் வந்திருக்கும். தினமும் வந்து பார்க்கறா, ஒரு வார்த்தை பேசலையேன்னு நினைச்சிருப்பாங்க.”

“தெரிஞ்சிருக்காது. நான் நீல டிக்கை அணைச்சு வெச்சிருக்கேன்.”

இதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் படித்தேன் என்பது மற்றவருக்குத் தெரிந்தால் பதில் எழுத வேண்டிய கட்டாயம் வருமே என்று பயந்து, அந்த வசதியை எப்போதோ அணைத்துவிட்டேன். அணைத்தால் தண்டனை இரு பக்கமும் உண்டு. நான் படித்தது அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் படித்தது எனக்கும் தெரியாது. ஸ்டேட்டஸிலும் அப்படியே. என் ஸ்டேட்டஸை அவர் பார்த்தாரா என்பதை நான் அறிய முடியாதபடி நானே கதவைச் சாத்தியிருக்கிறேன். பிறகு, ‘ஒரு அறிகுறியும் இல்லையே’ என்று ஒரு வாரம் புலம்பியிருக்கிறேன்.

“ஆனா நம்பரை சேவ் பண்ணிட்டாங்கன்னா சிநேகிதம் பண்ண ஆசைன்னு அர்த்தமா?” என்றேன்.

“இல்லை. நீ யாருன்னு கேக்க மாட்டாங்கன்னு அர்த்தம். உனக்கு அது போதாதா?”

போதும்தான்.

“குரூப்ல இருந்து நம்பர் எடுத்தது தப்பா தெரியாதா?”

“எடுத்தேன்னு சொல்லிடு, தப்பாத் தெரியாது. சொல்லாம விட்டாத்தான் எப்படிக் கிடைச்சுதுன்னு உறுத்தும். இதே ஒரு ஆம்பளை, குரூப்ல பார்த்து ஒரு பொம்பளைக்கு அனுப்பறான்னா நான் வேற மாதிரி சொல்லியிருப்பேன். முதல்ல வீட்டுக்காரம்மாகிட்ட கேக்கச் சொல்லு, அவங்க கேட்டுச் சொல்லட்டும்பேன். உனக்கு அது வேண்டாம். எழுது, படிச்சுக் காட்டு.”

எழுதினேன். என் முதல் வரைவு இது: “வணக்கம். தங்களைக் கடந்த வாரம் கொலுவில் சந்தித்ததில் பெருமகிழ்ச்சி அடைந்தேன். தாமதமாகத் தொடர்புகொள்வதற்கு மன்னிக்கவும். அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு வேலை. தொந்தரவாக இருந்தால் பதில் அனுப்ப வேண்டாம். நேரம் கிடைக்கும்போது பேசலாமா? தங்கள் விருப்பம்.”

“லீவ் லெட்டரா இது? கீழே ‘இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள’ன்னு போடு, கையெழுத்து போட்டுத் தர்றேன்” என்றாள். பிறகு வரிவரியாக வெட்டினாள். தங்களை வேண்டாம், அன்றைக்கு ‘நீங்க’ என்றுதானே பேசினாய். மன்னிப்பு வேண்டாம், அவர் உன்மேல் வழக்குப் போடவில்லை. ஆண்டுக் கணக்கு வேண்டாம், அது பொய், அக்டோபரில் என்ன ஆண்டுக் கணக்கு. “தொந்தரவா இருந்தா பதில் வேண்டாம்”தான் இருப்பதிலேயே மோசம். அடக்கம் மாதிரி தெரியும், ஆனால் ‘இல்லையில்லை, தொந்தரவே இல்லை’ என்று உன்னைச் சமாதானப்படுத்துகிற வேலையை அவர் தலையில் கட்டுகிறது. “பேசலாமா?” என்றால் எதைப் பற்றி, எப்போது, எவ்வளவு நேரம்? பதில் சொல்ல அவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். யோசிக்க வேண்டியது எல்லாம் அப்புறம் என்று போகும். அப்புறம் என்று போனது வராது. இது உனக்கே தெரியும், நீயும் அந்த ஜாதிதானே.

“மிச்சம் ‘வணக்கம்’ மட்டும்தான் இருக்கு” என்றேன்.

“அன்னைக்கு ஏதாவது பாக்கி விட்டீங்களா? தர்றேன், சொல்றேன், காட்டறேன்னு?”

யோசித்தேன். இருந்தது. வயலுக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்ததை நான் படம் எடுத்திருந்தேன். “எனக்கும் அனுப்புங்க” என்று அவரே சொல்லியிருந்தார். அவரே கேட்ட பொருளை வைத்துக்கொண்டு, கொடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் மனோதத்துவம் படித்திருக்கிறேன்.

ஜட்ஜம்மா பேசவே இல்லை. மறுபடி அவரைக்காய் நார் உரிக்கிற சத்தம் மட்டும் கொஞ்சம் வேகமாகக் கேட்டது.

கடைசியில் அனுப்பியது இது: “வணக்கம்ங்க. கொலு வீட்டில் ஜன்னலோரம் உங்களோடு பேசிக்கொண்டிருந்தேனே, நான்தான். நம்பர் குரூப்பில் எடுத்தேன். நீங்க கேட்ட படம் இதோ. உங்க வயலும் நீங்களும். ஓரத்தில் தெரிவது என் விரல். அன்னைக்குப் பேசினது ரொம்ப சந்தோஷமா இருந்தது. வெந்தயம் அறுவடை ஆயிடுச்சா?”

விரல் இருப்பது உண்மை, வெட்டிவிடலாம் என்றேன். இருக்கட்டும் என்றாள். கடைசிக் கேள்விக்கும் அவள் சம்மதித்தாள். அதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம், பேச விருப்பம் இருந்தால் நீட்டவும் செய்யலாம். எவ்வளவு கதவைத் திறப்பது என்பது அவர் கையில் இருக்கிறது.

“பதில் வரலைன்னா?”

“வரலைன்னா வரலை. ‘பார்த்தீங்களா’ன்னு கேட்டு இன்னொண்ணு அனுப்பாத. கும்பிடு பொம்மை மட்டும் வந்தா, நன்றி, போதும்னு அர்த்தம். அதை அப்படியே எடுத்துக்கோ. எப்பவாவது நிஜமா ஒரு காரணம் வந்தா இன்னொரு தடவை பேசு. அதுக்கும் ஒண்ணும் இல்லைன்னா விட்டுடு. உன்னைப் பிடிக்கலைன்னு எடுத்துக்காத, அவங்க வீட்ல என்னவோ யாருக்குத் தெரியும்.”

அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். அழுத்தியதும் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய், தேவையே இல்லாமல் பால் காய்ச்சினேன்.

பதில் அன்று மாலையே வந்தது. ஆனால் எழுத்தில் இல்லை. ஒலிச் செய்தி, மூன்று நிமிடத்துக்கு மேல். நீல டிக்கை அணைத்து வைத்தாலும் ஒலிச் செய்திக்கு அது செல்லாது, கேட்டால் கேட்டோம் என்று அந்தப் பக்கம் தெரிந்துவிடும். தெரிந்தால் உடனே பதில் சொல்ல வேண்டும். நானும் குரலில்தான் சொல்ல வேண்டுமோ? ஜட்ஜம்மாவுக்குப் போன் போட்டேன்.

“பதில் வந்திருக்குடி. வாய்ஸ் நோட். கேட்டா அவங்களுக்குத் தெரிஞ்சிடுமே, இப்ப கேக்கட்டுமா, காலையில கேக்கட்டுமா?”

போனை வைத்துவிட்டாள்.